சேற்றில் சேமித்த நீரும் கரியும்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோகோபீட் என்ற சொல் தெரிந்திருக்கும். தென்னைநார்க் கழிவைக் காயவைத்து, அழுத்தி, செங்கல் வடிவில் விற்கிறார்கள். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கி எழுந்து வாளியை நிறைத்துவிடும். இந்தப் பெயரில் ‘கோகோ’ தென்னையைக் குறிக்கிறது. அப்படியானால் ‘பீட்’ என்பது என்ன?

பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கப்படும் ஒருவகைக் கரிய மண். அதைத் தமிழில் முற்றா நிலக்கரி என்கிறோம். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகத் தொட்டிச் செடிகளுக்கு அதையே பயன்படுத்தினர். அதற்கு மாற்றாக வந்த தென்னைநார்த் தூளுக்கு அதன் பெயரே ஒட்டிக்கொண்டது. நீரைப் பிடித்து வைத்திருப்பதில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதே காரணம்.

முற்றா நிலக்கரி நமக்குத் தொலைவான பொருள் அன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குச் சதுப்புகளில் அது இருக்கிறது. பழனி மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையோடு சேர்கின்றன. அந்த வைகைதான் மதுரைக்கு வருகிறது. ஆகவே மலைமேல் உள்ள சேறும் மதுரைச் சமவெளியின் கண்மாய்ச் சேறும் ஒரே ஆற்றின் இரு முனைகள். இந்த இரண்டு சேறுகளும் நீரையும் கரியையும் எப்படிச் சேமிக்கின்றன, அவற்றை வடித்தால் என்ன ஆகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய மூன்று செயல்பாடுகள் இறுதியில் தரப்பட்டுள்ளன.

மட்காத இலை

ஒரு வேப்பிலை தரையில் விழுகிறது. சில மாதங்களில் அது மட்கி மறைந்துவிடுகிறது. “இலை எங்கே போனது?” என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் “மண்ணாகிவிட்டது” என்பார்கள். உண்மையில் இலையிலிருந்த கரிமத்தின் பெரும்பகுதி மண்ணாவதில்லை. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதை உண்டு, ஆக்சிஜனைக் கொண்டு எரித்து, கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. நாம் சோற்றை உண்டு மூச்சை வெளிவிடுவதும் இதே வேலைதான். அடுப்பில் சில நிமிடங்களில் நடக்கும் எரிதல் மண்ணில் சில மாதங்கள் எடுத்துக்கொள்கிறது.

அதே இலை ஒரு சதுப்பில் விழுந்தால் கதை மாறுகிறது. நீரில் ஊறிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. மண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் அனைத்தையும் நீர் நிரப்பியிருக்கும். நீரின் வழியே ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றின் வழியே பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மேலிருந்து கசியும் சிறிதளவு ஆக்சிஜனை மேற்பரப்பில் உள்ள நுண்ணுயிரிகளே தீர்த்துவிடுகின்றன. சில மில்லிமீட்டர் அல்லது சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் அறவே இல்லாத நிலை வருகிறது.

அங்கும் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், இரும்புத் துரு, சல்பேட் போன்றவற்றைக் கொண்டு அவை காலம் தள்ளுகின்றன. இதனால் கிடைக்கும் ஆற்றல் குறைவு என்பதால் வேலையும் மெதுவாகவே நடக்கிறது. இலை மட்குவதற்குள் அதன்மேல் அடுத்த ஆண்டின் இலை விழுந்துவிடுகிறது. அதன்மேல் அதற்கடுத்த ஆண்டின் கோரையும் புல்லும் சாய்கின்றன. மட்குவதைவிடச் சேர்வது அதிகமாக இருந்தால், பாதி மட்கிய தாவரப் பொருள் அடுக்கடுக்காக உயர்கிறது. இதுவே முற்றா நிலக்கரி. ஒரு மீட்டர் படிய ஆயிரம் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்.

இத்தகைய படிவு மண்ணுக்கடியில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்தில் கிடந்தால் பழுப்பு நிலக்கரியாகிறது. நெய்வேலியில் இன்று வெட்டியெடுப்பது அப்படி ஒரு பழைய சதுப்பின் எச்சம்தான். நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அங்கு ஒருகாலத்தில் இருந்த சேற்றிலிருந்து தொடங்கினால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

மதுரைக் கண்மாயில் ஏன் முற்றா நிலக்கரி இல்லை?

வண்டியூர், மாடக்குளம், செல்லூர்க் கண்மாய்களிலும் கோரை வளர்கிறது, சம்பு வளர்கிறது, இலை விழுகிறது. மலையில் உருவாகும் கரிய அடுக்கு இங்கே ஏன் உருவாவதில்லை? ஒரு மாணவர் இப்படிக் கேட்டால் அது மிக நல்ல கேள்வி.

விடை கோடையில் இருக்கிறது. நம் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பாசனத்துக்குத் திறக்கப்பட்டு, சித்திரை வைகாசியில் பெரும்பாலும் வற்றிவிடுகின்றன. வற்றிய தரை வெடிக்கிறது. வெடிப்புகளின் வழியே காற்று உள்ளே இறங்குகிறது. ஆறு மாதம் சேற்றில் பத்திரமாக இருந்த இலைச்சத்தை அடுத்த சில மாதங்களில் நுண்ணுயிரிகள் எரித்துவிடுகின்றன. அத்துடன் சமவெளியின் வெப்பம் அவற்றின் வேகத்தையும் கூட்டுகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மலைச் சதுப்பிலோ குளிர் அதிகம். ஆண்டு முழுவதும் நீர் வற்றுவதில்லை.

கண்மாயின் அடியில் எஞ்சுவது களியும் வண்டலும் சிறிது கரிமமும் கலந்த மண். மதுரை வட்டாரத்தில் கரம்பை என்று வயலுக்கு அடிப்பது இதைத்தான். ஆகவே கண்மாயின் முதன்மையான சேமிப்பு நீர். மலைச் சதுப்பு நீர், கரிமம் இரண்டையுமே சேமிக்கிறது.

கண்மாய் மண்ணை வெட்டிப் பார்த்தாலே அது எவ்வளவு காலம் நீருக்குள் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆண்டில் பெரும்பகுதி நீரில் ஊறிய மண் சாம்பல் அல்லது நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிரிகள் செந்நிற இரும்பை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுவதால் இந்த நிறம் வருகிறது. அந்தச் சாம்பல் மண்ணில் வேர் சென்ற வழிகளில் மட்டும் ஆரஞ்சு நிறக் கோடுகள் தெரியும். கோரையின் தண்டும் வேரும் உள்ளே வெற்றுக் குழாய்கள் நிறைந்தவை. அவற்றின் வழியே காற்று கீழிறங்கி, வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. சாம்பல் மண்ணும் ஆரஞ்சுக் கோடுகளும் சேர்ந்து இருந்தால் அந்த இடம் நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருந்தது என்று பொருள். வீட்டுமனை போடுவதற்காக மேடாக்கிய இடத்திலும், அடியில் தோண்டினால் இந்த அடையாளம் பல ஆண்டுகள் மறையாமல் இருக்கும்.

மலைச் சேறு நீரை எப்படி வைத்திருக்கிறது?

முற்றா நிலக்கரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்தான். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது இருந்தால் மொத்தம் 10,000 கன மீட்டர். அதில் 9,000 கன மீட்டர் நீர், அதாவது 90 லட்சம் லிட்டர். சதுப்பில் கால் வைத்தால் தரை அசைவது இதனால்தான்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. “சதுப்பு ஒரு பஞ்சு போன்றது; மழையில் உறிஞ்சிக் கோடையில் பிழிந்து தரும்” என்று பல நூல்களில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். அந்த 90 லட்சம் லிட்டரில் பெரும்பகுதியைச் சேறு தன் நுண்துளைகளில் இறுகப் பிடித்துக்கொள்கிறது, விடுவதில்லை. ஏற்கெனவே நிறைந்திருக்கும் சதுப்பின்மேல் பெருமழை பெய்தால், அதைப் புதிதாக உறிஞ்சிக்கொள்ளவும் இடமில்லை.

சதுப்பின் உண்மையான பணி நீரை மெதுவாக்குவது. மேல் அடுக்கில் உள்ள தளர்வான பகுதி மட்டும் நீரை ஏற்றும் இறக்கும். அதற்கு மேலே புல்லும் கோரையும் அடர்ந்திருக்கும். சரிவில் இறங்கி வரும் மழைநீர் இங்கே வந்ததும் அகலமாகப் பரவி, ஆயிரக்கணக்கான தண்டுகளுக்கு இடையே ஊர்ந்து செல்கிறது. சில மணி நேரத்தில் ஓடிப்போக வேண்டிய நீர் பல நாள்களாக வடிகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் இருப்பதன் காரணம் இதுவே. சுற்றியுள்ள புல்வெளி மண்ணிலிருந்து கசியும் நீரும் இந்தச் சதுப்பு வழியாகவே ஓடையை அடைகிறது.

கோடையில் வைகை அணைக்கு வரும் நீரில் பெரும்பங்கு முல்லைப்பெரியாற்றிலிருந்து வருவது. எனவே மலைச் சதுப்பைக் காப்பாற்றிவிட்டால் மதுரையின் குடிநீர்ச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் மலையடிவார ஊர்கள் அந்த ஓடைகளையே நம்பியிருக்கின்றன. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரி ஒரு சதுப்பு இருந்த பள்ளத்தில் அணை கட்டி உருவாக்கப்பட்டதுதான். கொடைக்கானல் ஏரிக்கும் இதே வரலாறு உண்டு. 1863ஆம் ஆண்டு, மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் அங்கிருந்த சதுப்பின் ஓடையை மறித்து அந்த ஏரியை அமைத்தார். நீர் எங்கே தங்கும் என்பதைச் சதுப்பு முன்பே காட்டியிருந்தது.

கிளென்மார்கனில் அளந்து கண்டது

மலைப் புல்வெளியும் அதன் பள்ளத்தாக்கும் காய்ந்தால் ஓடைக்கு என்ன ஆகும் என்பதை நீலகிரியில் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். உதகமண்டலத்தில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் கிளென்மார்கன் என்ற இடத்தில் அருகருகே இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர். இரண்டின் ஓடையிலும் அளவைத் தடுப்பு கட்டி, 1968 முதல் 1972 வரை எந்த மாற்றமும் செய்யாமல் ஓடும் நீரை அளந்தனர். ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றொன்றில் எவ்வளவு ஓடும் என்ற தொடர்பு இதனால் கிடைத்தது.

பிறகு 1972இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றில் 59 விழுக்காடு பரப்பில் தைல மரம் நட்டனர். முதல் பத்து ஆண்டுகளில் அந்த ஓடையின் ஆண்டு நீரளவு சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கவிட்ட அடுத்த பத்து ஆண்டுகளில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. மழையில்லாத மாதங்களின் ஓட்டம் இதைவிடக் கடுமையாகச் சரிந்தது.

இங்கே யாரும் வாய்க்கால் வெட்டவில்லை, மோட்டார் வைக்கவில்லை. புல்லைவிட ஆழமாக வேர்விட்டு, ஆண்டு முழுவதும் நீரை இலைவழியே ஆவியாக்கும் மரங்களே நிலத்தை வடித்தன. பழனி மலையிலும் தைலம், சவுக்குபோல் வரும் சீகை, பைன் ஆகியவை புல்வெளிகளில் பெரும்பரப்பில் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட மாற்றத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. “மரம் நடுவது எப்போதும் நல்லது” என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லும்போது, எந்த இடத்தில் எந்த மரம் என்ற கேள்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை இந்த அளவீடுகள் உணர்த்துகின்றன.

காய்கறிப் பயிருக்காகச் சதுப்பின் நடுவே வாய்க்கால் வெட்டுவது இன்னும் நேரடியான வழி. ஒரு முழ ஆழ வாய்க்கால் போதும். இருபுறமும் நீர்மட்டம் இறங்கிவிடும். மண் கறுப்பாக, வளமாக இருப்பதால் முதல் சில ஆண்டுகள் கேரட்டும் உருளையும் நன்றாக விளையும். அந்த வளம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த செய்தி.

வடித்தால் கரி எங்கே போகிறது?

ஒரு கன மீட்டர் முற்றா நிலக்கரியில் ஏறத்தாழ 50 கிலோ கரிமம் இருக்கும். முன்பு சொன்ன ஒரு ஹெக்டேர், ஒரு மீட்டர் ஆழக் கணக்கில் அது 500 டன். நன்கு வளர்ந்த வெப்பமண்டலக் காட்டில் ஒரு ஹெக்டேரில் உள்ள மரங்களின் கரிமம் பொதுவாக 150 முதல் 200 டன். முழங்கால் உயரப் புல் வளர்ந்த ஒரு சதுப்பு, தன் அடியில் இரண்டு மூன்று காடுகளைப் புதைத்து வைத்திருக்கிறது எனலாம். உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடே உள்ள இந்நிலங்கள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கரிமத்தைக் கொண்டுள்ளன.

நீர்மட்டம் இறங்கியதும் காற்று உள்ளே நுழைகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்றிருந்த எரிதல் தொடங்குகிறது. மட்கும்போது வெளிப்படும் சத்துகளே பயிருக்கு உரமாகின்றன. அதாவது உழவர் அறுவடை செய்வது மண்ணின் சேமிப்பை. 500 டன் கரிமம் முழுவதும் எரிந்தால் 44/12 என்ற விகிதப்படி ஏறத்தாழ 1,830 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். இந்தக் கணக்கை மேல்நிலை வேதியியல் மாணவர்களே போடலாம்.

மண்ணே காற்றாகிப் போவதைக் கண்ணால் பார்க்க முடியுமா? இங்கிலாந்தில் ஹோம் என்ற இடத்தில் பார்க்க முடிகிறது. அங்கே விட்டில்சீ மியர் என்ற பெரிய ஏரியை 1851இல் வடித்தார்கள். நிலம் எவ்வளவு அமுங்கும் என்று அறிய, ஓர் இரும்புத் தூணை அடியில் உள்ள கெட்டியான களிமண்வரை இறக்கி, அதன் தலை தரைமட்டத்தோடு சமமாக இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூணின் தலை தரைக்கு மேல் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம்தான் இறங்கியது. முதலில் நீர் வடிந்ததால் மண் சுருங்கியது. பிறகு மண்ணே மட்கிக் காற்றில் கலந்தது. தாழ்ந்துபோன நிலத்தில் நீர் தானாக வடியாது என்பதால் இன்றும் அங்கே இயந்திரம் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வெப்பமண்டலத்தில் இதே செயல் இன்னும் வேகமாக நடக்கும்; தீயும் சேர்ந்துகொள்ளும். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கும் திட்டம் 1990களின் நடுவில் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். மண் அமிலத்தன்மை மிக்கது. நெல் சரியாக விளையவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது, வடிந்து காய்ந்து கிடந்த மண்ணில் தீப்பிடித்தது. மேலே சுடர் இல்லாமல், உமி மூட்டம்போல் அடியில் கனன்று மாதக்கணக்கில் எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியச் சதுப்புத் தீயில் வெளியான கரிமம், உலகம் ஓராண்டில் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காடுவரை இருக்கும் என்று 2002இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் இன்றும் நீரை வடித்துக்கொண்டிருக்கின்றன.

மீண்டும் நீர் விட்டால் சரியாகிவிடாதா? வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் மட்குவது நிற்கும். ஆனால் நன்றாகக் காய்ந்த முற்றா நிலக்கரி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்; மேலே விழும் நீர்த்துளி உருண்டு ஓடும், உள்ளே இறங்காது. போன அடுக்கு மீண்டும் படிய, முன்பு சொன்ன மில்லிமீட்டர் கணக்கில்தான் காலம் ஆகும்.

சதுப்புகள் மீத்தேன் வாயுவையும் வெளியிடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சேற்றில் குச்சியால் குத்தினால் எழும் குமிழிகளில் அது உண்டு. வடித்தால் மீத்தேன் குறையும். ஆனால் அது சில பத்தாண்டுகளில் காற்றிலிருந்து நீங்கிவிடும் வாயு. வடிப்பதால் ஆண்டுதோறும் வெளியேறிச் சேர்ந்துகொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். நெடுங்காலக் கணக்கில் நனைந்த சதுப்பே குறைந்த தீங்கு.

சேறு அழியும்போது ஓர் ஆவணமும் அழிகிறது. ராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் அடுக்குகளில் உள்ள கரிமத்தின் ஓரிடத்தான்களை அளந்து, தென்னிந்தியப் பருவமழை கடந்த 20,000 ஆண்டுகளில் எப்போது வலுத்தது, எப்போது நலிந்தது என்பதை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மழை மிகுந்த காலத்தில் ஒருவகைத் தாவரங்களும் வறண்ட காலத்தில் வேறுவகைப் புற்களும் அங்கே வளர்ந்தன. அவற்றின் கரிமத்தில் உள்ள வேறுபாடு சேற்றில் அப்படியே இருந்தது. வாய்க்கால் வெட்டிய சதுப்பில் இந்த ஏட்டின் மேற்பக்கங்கள் முதலில் எரிந்துபோகும்.

சமவெளியில் நடப்பது

மலையில் வடிப்பது வாய்க்காலால் நடக்கிறது என்றால், மதுரையில் அது மண்ணைக் கொட்டி மேடாக்குவதால் நடக்கிறது. தல்லாகுளம், உலகனேரி என்று நம் நகரின் பல பகுதிகள் பெயரில் குளத்தையும் ஏரியையும் வைத்திருக்கின்றன.

கண்மாயின் ஒரு பகுதியை மேடாக்கினால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு கண்மாயைக் கற்பனை செய்துகொள்வோம். 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி ஓடி வருகிறது என்றால், வந்து சேரும் நீர் 2,50,000 கன மீட்டர்; அதாவது 25 கோடி லிட்டர். கண்மாயின் நீர்பரப்பு 100 ஹெக்டேராக இருந்தால் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் உயரும். அதில் பாதியை மேடாக்கிவிட்டால், அதே மழைக்கு 50 சென்டிமீட்டர் உயரும். கலுங்கு முன்னதாகவே வழியும். சுற்றிலும் வீடுகளும் தார்ச்சாலைகளும் வந்துவிட்டால் மழையில் பாதிக்கு மேல் ஓடி வரும். உயர்வு இன்னும் கூடும்.

இது வெறும் கணக்கு அன்று. 2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் பெருமழை கொட்டியபோது செல்லூர்க் கண்மாயின் உபரிநீரும் மழைநீரும் சேர்ந்து பந்தல்குடி வாய்க்கால் கரைமீறியது. செல்லூர், நரிமேடு பகுதிகளின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீர் புதிய வழி எதையும் தேடவில்லை. தான் வழக்கமாகப் பரவிய தாழ்நிலத்துக்கே சென்றது.

கரம்பை எடுப்பதையும் கண்மாயை அழிப்பதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. உள்வாயில் மேலாகப் படிந்த வண்டலைச் சீராக எடுத்து வயலுக்கு இடுவது கண்மாயின் கொள்ளளவைக் காக்கும். ஓரிடத்தில் மட்டும் ஆழக் குழி தோண்டினால் நீர் அந்தக் குழிக்குள் மடைமட்டத்துக்குக் கீழே தங்கி, வயலுக்குப் பாயாது. நீரைத் தாங்கும் களி அடுக்கும் உடையலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

*1. நீரைப் பிடிக்கும் மண் (3 முதல் 8ஆம் வகுப்புவரை).* இரண்டு நெகிழிப் புட்டிகளின் அடிப்பகுதியை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டுங்கள். ஒன்றில் ஆற்றுமணல், மற்றொன்றில் அதே கொள்ளளவு உதிர்த்த கோகோபீட். இரண்டிலும் அரை லிட்டர் நீரை ஒரே வேகத்தில் ஊற்றி, கீழே வடியும் நீரை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு வடிந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற இரண்டையும் கேளுங்கள். பிறகு ஏற்கெனவே நனைந்த கோகோபீட்டில் மீண்டும் அரை லிட்டர் ஊற்றுங்கள். இம்முறை ஊற்றிய நீர் ஏறத்தாழ முழுவதும் வெளியே வரும். “பஞ்சு” என்ற உவமையின் எல்லை இங்கே மாணவர்களுக்குத் தானாகப் புரியும்.

*2. இலை எங்கே மட்கும்? (6 முதல் 10ஆம் வகுப்புவரை).* நிழலில் நன்கு காய்ந்த வேப்பிலை 5 கிராம் வீதம் நைலான் வலைத்துணியில் சிறு பைகளாகக் கட்டுங்கள். பாதிப் பைகளை ஈரமான தோட்டமண்ணில் புதையுங்கள். மீதியைக் கண்மாய் மண் இட்ட பாத்திரத்தில் புதைத்து, மேலே ஒரு சாண் உயரம் நீர் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை இறுக மூட வேண்டாம். உள்ளே வாயு சேரும். எட்டு வாரங்களுக்குப் பின் பைகளைக் கழுவி, காயவைத்து எடை போடுங்கள். ஒவ்வொரு பையிலும் விடை சிறிது மாறுபடும். ஆகவே குறைந்தது ஐந்து பைகளின் சராசரியை எடுக்க வேண்டும். பாத்திரத்தின் மண் கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால், ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிரிகள் சல்பேட்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன என்று விளக்குங்கள்.

*3. மண் சொல்லும் வரலாறு (9ஆம் வகுப்பு முதல்).* கோடையில் வற்றிய கண்மாயின் ஓரத்தில் ஆசிரியரே ஒரு முழ ஆழம் வெட்டி எடுத்த மண்கட்டியை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதை உடைத்து, சாம்பல் நிறமும் வேர்வழி ஆரஞ்சுக் கோடுகளும் எங்கே தொடங்குகின்றன என்று அளவுகோல் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளி வளாக மண்ணையும் அதேபோல் வெட்டி ஒப்பிடுங்கள். பள்ளி மண்ணிலும் அந்தக் கோடுகள் இருந்தால், ஊரின் பெரியவர்களிடம் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டு வருவதே மாணவர்களுக்கான வீட்டுப்பாடம்.